எடைக்குறைப்பு மையத்தில் பணம் கட்டும் முன்

என் தங்கை ஓர் எடைக்குறைப்பு மையத்தில் கட்டிய 72,000 ரூபாயை மீட்பதற்காக அவளுடன் நானும் அலைந்தேன். ஒப்பந்தத் தாள், கடன் நிறுவனம், நுகர்வோர் உதவி எண் என்று ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டது பணம் போன பிறகுதான். அந்தத் தகவல்கள் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் கையில் இருந்தால் அலைச்சல் மிச்சம். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் எடையைக் குறைக்க முதன்முறையாக ஒரு டயட்டீஷியனையோ மையத்தையோ தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இவர்கள் எதை விற்றுச் சம்பாதிக்கிறார்கள்? ஆலோசனைக்குச் செலவிடும் நேரத்துக்குக் கட்டணம் வாங்குகிறவருக்கு உங்களிடம் பொய் சொல்லப் பெரிய தேவை இல்லை. முன்பணப் பேக்கேஜையோ பொடி டப்பாவையோ விற்கிறவருக்கு அந்தத் தேவை நிறையவே இருக்கிறது.

1. முதலில் மருத்துவர், பிறகு மற்றவர்கள்

வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடம் போய், எடையைக் குறைக்கப் போவதாகச் சொல்லுங்கள். தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், ஹீமோகுளோபின் ஆகிய பரிசோதனைகளை அவர் எழுதித் தருவார். நாங்கள் விசாரித்த தனியார் ஆய்வகங்களில் எல்லாம் சேர்த்து 1,500 முதல் 2,500 ரூபாய் வரை ஆகிறது. அரசு மருத்துவமனையில் செலவு இல்லை. ஆனால் அரை நாள் காத்திருக்க வேண்டும்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன்? தைராய்டு குறைவாகச் சுரந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரையோ சில மனநல மருந்துகளோ எடுத்துக்கொண்டாலோ எடை கூடும். அப்போது காரணத்தைக் கவனிக்காமல் பட்டினி கிடந்து பயனில்லை. இன்னொரு பக்கம், சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் திடீரென்று உணவைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். உணவு மாறும்போது மருந்தின் அளவும் மாற வேண்டும். அதை மருத்துவர்தான் செய்ய முடியும்.

வீட்டிலேயே ஒரு பதிவையும் தொடங்குங்கள். காலையில் கழிவறை சென்றுவந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல், ஒரே எடைக் கருவியில் மூன்று நாட்கள் நிறுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவையும் எழுதுங்கள். இந்தத் தாள் பின்னால் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

2. பட்டத்தைக் கேளுங்கள்; கேட்பதில் கூச்சம் வேண்டாம்

நம் நாட்டில் 'ஊட்டச்சத்து ஆலோசகர்', 'வெல்னஸ் கோச்', 'டயட் நிபுணர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு நாள் இணைய வகுப்பின் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை மருத்துவத் தொழிலினருக்கான தேசிய ஆணையச் சட்டம், டயட்டீஷியன்களையும் பதிவு பெற வேண்டிய தொழிலினராகச் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிவேடு மாநிலங்களில் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, சரிபார்க்கும் வேலை நம்முடையதுதான்.

நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, படிப்பு. உணவியல், ஊட்டச்சத்தியல், மனையியல் ஆகியவற்றில் ஒன்றில் பட்டமும், அதற்கு மேல் முதுநிலைப் பட்டமோ முதுநிலைப் பட்டயமோ இருக்க வேண்டும். கோவை அவினாசிலிங்கம் நிறுவனம்போல இத்துறையில் நெடுங்காலமாகப் பாடம் நடத்தும் கல்லூரிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று கேட்டால், உண்மையாகப் படித்தவர் தயங்காமல் சொல்லிவிடுவார். இரண்டாவது, 'ஆர்.டி.' எனப்படும் பதிவுபெற்ற டயட்டீஷியன் தகுதி. மருத்துவமனைப் பயிற்சியும் தேர்வும் முடித்தவர்களுக்கு இந்திய உணவியல் சங்கம் இதை வழங்குகிறது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, சங்கத்துக்கு எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஆர்.டி. இல்லாத நல்ல டயட்டீஷியன்களும் உண்டு. பல ஆண்டுகள் பெரிய மருத்துவமனையில் வேலை செய்தவர்களை அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் படிப்பும் இல்லை, மருத்துவமனை அனுபவமும் இல்லை, 'நானே 30 கிலோ குறைத்தேன்' என்பது மட்டும்தான் தகுதி என்றால், அவரை வாழ்த்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மையங்களில் இன்னொரு தந்திரம் நடக்கிறது. சுவரில் தொங்கும் பட்டம் ஒருவருடையது. உங்களிடம் பேசுகிறவர் வேறொருவர். 'என் உணவுப் பட்டியலை எழுதப் போகிறவர் யார், அவரை இன்று பார்க்க முடியுமா' என்று கேளுங்கள். 'தலைமை டயட்டீஷியன் வேறு கிளையில் இருக்கிறார், நீங்கள் சேர்ந்த பிறகு பேசுவார்' என்ற பதில் வந்தால், உங்கள் எதிரே இருப்பவர் விற்பனையாளர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

தனியாகத் தொழில் நடத்தும் டயட்டீஷியனுக்கு நாங்கள் விசாரித்த இடங்களில் முதல் ஆலோசனைக் கட்டணம் 500 முதல் 1,500 ரூபாய் வரை இருந்தது. அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு அதைவிடக் குறைவு. முதல் சந்திப்பு முக்கால் மணி நேரமாவது நீளும். என்ன வேலை, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், வீட்டில் சமைப்பவர் யார், இரவுப் பணி உண்டா, என்னென்ன மாத்திரைகள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்பார். ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் படிப்பார். இட்லி, தோசை, சோறு, மீன்குழம்பு என்று உங்கள் வீட்டு அடுப்படியில் இருப்பதை வைத்தே பட்டியல் போடுவார். உங்களிடம் ஒன்றுமே கேட்காமல், ஏற்கெனவே அச்சடித்த தாளில் உங்கள் பெயரை மட்டும் எழுதித் தருகிறவருக்கு ஐம்பது ரூபாயும் அதிகம்.

3. 'இலவச ஆலோசனை'யில் நடப்பது என்ன

பெரிய மையங்களின் இலவச ஆலோசனை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒரே மாதிரிதான் போகும். முதலில் ஒரு கருவியின் மீது நிற்கச் சொல்வார்கள். உடல் கொழுப்பு இத்தனை சதவீதம், 'உடல் வயது' 52 என்று அச்சடித்த தாள் ஒன்று வரும். என் தங்கைக்கு அப்போது வயது 34. அவள் முகம் வாடியதும் மேசைக்கு அழைத்துப்போய், 'இப்படியே விட்டால் இரண்டு வருடத்தில் சர்க்கரை, மேடம்' என்றார்கள். பிறகு விலைப்பட்டியல். 1,20,000 ரூபாய் பேக்கேஜ், இன்றைக்கு மட்டும் 72,000.

அந்தக் கருவி மெல்லிய மின்னோட்டத்தை உடலில் செலுத்தி, அது சந்திக்கும் தடையைக் கொண்டு கொழுப்பைக் கணக்கிடுகிறது. உடலில் நீர் குறைந்திருந்தால் கொழுப்பு அதிகம் என்று காட்டும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வந்த ஒருவருக்கும், நன்றாக நீர் அருந்தி ஓய்வெடுத்த அதே ஆளுக்கும் வேறு வேறு எண்கள் வரும். ஒரே நிலைமையில் மாதக்கணக்கில் அளந்தால் போக்கைக் காண உதவும். ஒருநாள் தாளை வைத்து நோயைச் சொல்ல அதற்குத் தகுதி இல்லை.

அன்றே பணம் கட்டச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அபாய அறிகுறி. 'விலையை எழுதிக் கொடுங்கள், ஒப்பந்தத்தின் நகலையும் கொடுங்கள், வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் வருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையான இடம் கொடுத்து அனுப்பும். மற்றவர்கள் மேலாளரை அழைப்பார்கள், இன்னும் பத்தாயிரம் குறைப்பார்கள், 'முன்பதிவாக ஐயாயிரமாவது போடுங்கள்' என்பார்கள். ஐயாயிரத்தையும் போட வேண்டாம். பின்னால் அதைக் காட்டித்தான் மீதியைக் கேட்பார்கள். முடிந்தால் வங்கி அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கைபேசியில் பணம் செலுத்தும் செயலி இருப்பதால் இது முழுப் பாதுகாப்பு ஆகாது என்பதும் உண்மை.

4. அவர்கள் சொல்லும் வாக்குறுதியை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்தப் படிக்குப் பத்து நிமிடமும் கால்குலேட்டரும் போதும். யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

உடல் கொழுப்பு ஒரு கிலோ குறைய, சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். என் தங்கைக்குச் சொல்லப்பட்டது நான்கு மாதத்தில் 15 கிலோ. 15ஐ 7,700ஆல் பெருக்கினால் 1,15,500. அதை 120 நாட்களால் வகுத்தால், நாளொன்றுக்குச் சுமார் 960 கலோரி பற்றாக்குறை.

அவள் எடை 74 கிலோ, உயரம் 158 செ.மீ., உட்கார்ந்து பார்க்கும் வேலை. அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 கலோரி செலவிடும். அதில் 960ஐக் கழித்தால் மிஞ்சுவது 840. காலையில் சாம்பாருடன் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறும் கொஞ்சம் குழம்பும் காயும், இரவு கூட்டுடன் இரண்டு சப்பாத்தி. அவ்வளவுதான், காபிக்குக்கூட இடம் இல்லை. எடை குறையக் குறைய உடல் செலவிடுவதும் குறையும் என்பதால், கடைசி மாதத்தில் 700 கலோரிக்கும் கீழே போனால்தான் அந்த வாக்குறுதி நிறைவேறும். ஒரு நாளைக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவை மருத்துவர் கண்காணிப்பில்தான் மேற்கொள்ள வேண்டும். வேகமாக எடை குறைத்தால் பித்தப்பைக் கற்கள் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது, தசையும் கரைகிறது, முடி கொட்டுகிறது.

இதே பெண்ணுக்கு நேர்மையான ஒரு டயட்டீஷியன் நாளொன்றுக்கு 500 கலோரி அளவில் பற்றாக்குறை வைப்பார். நான்கு மாதத்தில் 6 முதல் 8 கிலோ குறையலாம் என்று சொல்வார். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து அதிகபட்சம் ஒரு கிலோ. அதற்கு மேல் யார் சொன்னாலும், 'எத்தனை கலோரி கொடுக்கப் போகிறீர்கள், எந்த மருத்துவர் பார்ப்பார்' என்று கேளுங்கள். 'கலோரிக் கணக்கெல்லாம் பழைய முறை, எங்கள் சிகிச்சை வேறு' என்ற பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

'குறிப்பிட்ட எடை குறையாவிட்டால் பணம் திரும்ப' என்ற உத்தரவாதத்தையும் கவனமாகப் படியுங்கள். உணவுப் பட்டியலை ஒருநாள்கூட மீறக் கூடாது, ஒரு அமர்வையும் தவறவிடக் கூடாது என்று அடியில் சிறிய எழுத்தில் இருக்கும்.

5. முதல் பத்து நாளில் குறைவது பெரும்பாலும் நீர்

சேர்ந்தவர்கள் பலரும் ஏமாறுவது இங்கேதான். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் காலியாகும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அரை கிலோ அளவுக்கு இருக்கும் அந்தச் சேமிப்பு கரையும்போது, நீரும் சேர்ந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை போய்விடும். உப்பையும் குறைத்தால் இன்னும் கொஞ்சம் போகும். முதல் வாரத்தில் இரண்டரை கிலோ குறைந்ததைப் பார்த்து மகிழ்ந்து, அடுத்த பேக்கேஜுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. திருமண வீட்டில் இரண்டு வேளை சாப்பிட்டதும் அந்த எடை அப்படியே திரும்பி வந்துவிடும்.

எனவே முதல் இரண்டு வாரத்தின் எண்ணை எதற்கும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மையத்தின் எடைக் கருவியில் மட்டும் குறைந்து வீட்டில் குறையாவிட்டால் வீட்டுக் கணக்கையே நம்புங்கள். சேரும் நாளில் மாலையில், சாப்பிட்ட பிறகு, ஜீன்ஸும் காலணியுமாக நிறுத்தி எழுதிவிட்டு, அடுத்த முறை காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்வது பழைய வித்தை. இடுப்பளவிலும் இதே வித்தை நடக்கும். நாடாவைச் சற்றுத் தளர்வாகப் பிடித்து ஒரு முறை, இறுக்கிப் பிடித்து மறுமுறை அளந்தால், 'அங்குலம் குறைந்திருக்கிறது' என்று காட்டிவிடலாம். இறுக்கமான துணியைச் சுற்றி வியர்க்க வைத்த கையோடு அளந்தாலும் அப்படித்தான்.

6. பொடி, ஊசி, இயந்திரம்

பொடியில் தொடங்குகிறேன். டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். அதை foscos.fssai.gov.in தளத்தில் போட்டுப் பார்த்தால், எந்த நிறுவனத்துக்கு, எந்த வகை உணவுக்கு அந்த எண் கொடுக்கப்பட்டது என்று தெரியும். ஆனால் அந்த எண் தயாரிப்பாளருக்கான உரிமம் மட்டுமே. பொடி எடையைக் குறைக்கும் என்று அரசு ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை. மையத்தில் 'இது அரசு அங்கீகாரம் பெற்றது, மேடம்' என்று அந்த எண்ணைச் சுட்டிக்காட்டுவார்கள். அதே டப்பாவில், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்று இருக்கும். நீங்கள் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

எண்ணே இல்லாத 'மூலிகைப் பொடி'யும் 'கொழுப்பு கரைக்கும் மாத்திரை'யும் இன்னும் ஆபத்தானவை. இத்தகைய பொருள்களில் சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்து ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் 2010இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இந்தியாவும் தடை செய்தது. மலமிளக்கியும், நீரை வெளியேற்றும் மருந்தும்கூடக் கலக்கிறார்கள். சாப்பிட ஆரம்பித்த சில நாட்களிலேயே பசி அடியோடு நின்றுபோவது, வாய் உலர்வது, தூக்கம் வராமல் இருப்பது, நெஞ்சு படபடப்பது, நாளுக்குப் பல முறை வயிறு போவது ஆகியவை நேர்ந்தால் உடனே நிறுத்துங்கள். மீதிப் பொடியைத் தூக்கி எறியாமல் டப்பாவோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் கொடுக்கலாம்.

'இந்த மருந்து உடல்பருமனைக் குணப்படுத்தும்' என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய்களில் உடல்பருமனும் ஒன்று. அப்படி ஒரு துண்டுப் பிரசுரம் கையில் கொடுத்தால், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், புகாரில் உதவும்.

அடுத்தது ஊசி. செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஆகியவை உண்மையான மருந்துகள். பசியைக் குறைத்து எடையைக் குறைக்கின்றன. ஆனால் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. வாந்தி, வயிற்றுக் கோளாறு சாதாரணம். கணைய அழற்சி போன்ற கடுமையான சிக்கல்களும் நேரலாம். எந்த மருத்துவர் எழுதுகிறார் என்று கேட்டு, தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலோ தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்திலோ அவர் பெயரைத் தேடுங்கள். மருந்தை மருந்துக்கடையில் நீங்களே ரசீதுடன் வாங்குங்கள். பெட்டி, தொகுதி எண், காலாவதித் தேதி எதையும் காட்டாமல், மையத்தின் உள்ளறையில் சிரிஞ்சில் ஏற்றிக் கொண்டுவந்து போட வந்தால் கையை நீட்டாதீர்கள். மருத்துவச் சிகிச்சை நடக்கும் இடம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை வரவேற்பறையில் தேடுங்கள். அதில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். வேறு கிளையின் சான்றிதழை மாட்டி வைப்பதும் உண்டு.

இயந்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழுப்பை உறையவைக்கும் கருவி ஓரிடத்து மடிப்பைக் கொஞ்சம் குறைக்கும், அதுவும் இரண்டு மூன்று மாதம் கழித்து. உடல் எடையைக் குறைப்பதற்கான கருவி அது இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்து விளம்பரம் செய்ததற்காக, நாடறிந்த ஒரு நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் 3 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதிர்வுப் பட்டை, சூட்டுப் போர்வை வகையறாக்களுக்கு அந்த மடிப்பளவுப் பயன்கூடக் கிடையாது.

7. ஒப்பந்தமும் தவணையும்

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மையத்தில் சேர்வது என்று முடிவு செய்தால், முழுப் பணத்தையும் முன்னால் கட்ட வேண்டாம். மாதாமாதம் அல்லது அமர்வுக்கு அமர்வு கட்டலாமா என்று கேளுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் தராமல் இருப்பதே உத்தமம். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், வரிப் பதிவு எண், மொத்த அமர்வுகள், ஓர் அமர்வின் விலை, இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் ஆகிய ஐந்தும் தாளில் இருக்க வேண்டும். கிளையை மூடினால் என்ன செய்வார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன வாக்குறுதி எதுவாக இருந்தாலும், 'நீங்கள் சொன்னபடி நான்கு மாதத்தில் இத்தனை கிலோ, பணம் இவ்வளவு' என்று விற்பனையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'ஆம்' என்று பதில் வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ஒப்பந்தத் தாளைவிட இப்படிப்பட்ட ஒரு வாட்ஸ்அப் பதில்தான் அதிகம் உதவியது.

'வட்டியில்லாத் தவணை' என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அது மையம் தரும் சலுகை இல்லை. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் எழுதி, முழுத் தொகையையும் மையத்துக்கு அன்றே கொடுத்துவிடுகிறது. ஆதார், பான், கைபேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுஎண் மூன்றையும் விற்பனையாளரிடம் கொடுத்தால், அவரே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். கடன் வாங்கியதே தெரியாமல் பலர் வெளியே வருகிறார்கள். பிறகு மையத்துக்குப் போவதை நிறுத்தினாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் உங்கள் கடன் மதிப்பெண்தான் சரியும்.

கைபேசியில் வரும் கடன் தகவல் சுருக்கத்தில் வட்டியும் கட்டணங்களும் இருக்கும். அதைப் படிக்காமல் கடவுஎண்ணைச் சொல்லாதீர்கள். இணைய வழிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிப்படி, குறைந்தது ஒரு நாளாவது மறுபரிசீலனைக் காலம் தர வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் செலுத்தி அபராதமின்றி விலகலாம். நிறுவனம் ஒருமுறைச் செயலாக்கக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். வீட்டுக்கு வந்து மனம் மாறினால், அன்றிரவே மையத்துக்கும் கடன் நிறுவனத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். மையத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு இருந்தால், நாட்களை இழுத்தடித்து அந்தக் காலத்தைக் கடத்திவிடுவார்கள்.

8. பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை

'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மையம் சொல்லும். அது சரியில்லை. குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும், ரசீது தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைகள்.

முதலில் கணக்கைப் போடுங்கள். என் தங்கையின் ஒப்பந்தத்தில் 40 அமர்வுகள், 72,000 ரூபாய். ஆக ஓர் அமர்வு 1,800. அவள் போனது 9 அமர்வுகளுக்கு, அதாவது 16,200. மீதி 55,800 ரூபாயைத்தான் கேட்டோம். முழுத் தொகையையும் கேட்டிருந்தால் எங்கள் பக்க நியாயம் பலவீனப்பட்டிருக்கும். ஒரு பக்கக் கடிதத்தில் சேர்ந்த தேதி, தரப்பட்ட வாக்குறுதி, நடந்தது, கணக்கு, 15 நாள் கெடு ஆகியவற்றை எழுதி, நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினோம். கிளை மேலாளரிடம் நேரில் பேசுவதில் பயன் இல்லை. 'மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்' என்பதைத் தவிர அவரிடம் வேறு சொல் கிடையாது.

கெடு முடிந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். கட்டணம் இல்லை. அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு. எங்களிடம் முதலில் 'வேறொருவருக்குப் பேக்கேஜை மாற்றிக் கொடுக்கிறோம்' என்றார்கள், அதன்பின் 20,000 என்றார்கள், கடைசியில் 48,000க்கு ஒத்துக்கொண்டார்கள். தொகை வங்கிக் கணக்குக்கு வரும்வரை 'புகார் தீர்ந்தது' என்று ஒப்புக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்தை முதலில் கேட்பார்கள்.

அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. மையம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ரசீது, ஒப்பந்தம், பணம் சென்றதற்கான வங்கிக் கணக்குப் பக்கம், வாட்ஸ்அப் உரையாடலின் படங்கள், விளம்பரம், வீட்டு எடைப் பதிவு, பதிவுத் தபால் ஒப்புகை ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, பக்க எண் இட்டு இணையுங்கள். தீர்ப்புக்கு மாதங்கள் ஆகும். ஒரு வருடத்தைத் தாண்டினாலும் வியப்பதற்கில்லை.

கடனாக எடுத்திருந்தால் இன்னொரு வேலை மிச்சம் இருக்கும். மையம் பணத்தைத் திருப்பித் தந்தாலும் கடன் தானாக மூடாது. கடன் நிறுவனத்திடம் மீதித் தொகையைச் செலுத்தி, நிலுவை இல்லை என்ற சான்றை மின்னஞ்சலில் வாங்குங்கள். வங்கியில் மாதாந்தரப் பிடித்தத்துக்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அது இலவசம். அந்தக் கணக்கு 'மூடப்பட்டது' என்று இல்லாமல் நிலுவையில் இருப்பதாகக் காட்டினால், சான்றை இணைத்துக் கடன் நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம்.